ஹார்டனிங் செய்த போரிங் பாரும் அதே அளவு வளைவது ஏன்?

லேத்து_மணி

பட்டறையில 32 மி.மீ. துளைக்கு போரிங் வேலை ஓடிட்டு இருக்கு. பார் 20 மி.மீ. விட்டம், ஹோல்டருக்கு வெளியே 100 மி.மீ. நீட்டிட்டு நிக்கும். ஃபினிஷ் கட் முடிச்சுட்டு டூலை நகர்த்தாம அதே அளவுல இன்னொரு பாஸ் ஓட்டினா மறுபடியும் சுருள் வருது. பார் வளைஞ்சு கொடுக்குதுன்னு தெரியுது. சேட்டர் சத்தம் வேற.

பழைய பார் ஈ.என். 8, ஹார்டனிங் செய்யாதது. அதைத் தூக்கிப் போட்டுட்டு ஈ.என். 24ல ஒண்ணு செஞ்சு, ஹார்டனிங், டெம்பரிங் எல்லாம் பண்ணி மாட்டினேன். அரம் போட்டா வழுக்குற அளவுக்கு ஏறியிருக்கு. ஆனா வேலையில ஒரு மாற்றமும் இல்ல. சந்தேகப்பட்டு ரெண்டு பார் முனையிலயும் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டு டயல் கேஜ் வச்சுப் பார்த்தேன். ரெண்டுக்கும் முள் 8 கோடு நகருது, அதாவது 0.08 மி.மீ. எடையை எடுத்தா ரெண்டும் பழையபடி பூஜ்யத்துக்கு வந்துடுது.

இவ்வளவு கெட்டியான இரும்பு ஏன் கொஞ்சம்கூடக் குறைவா வளையல?

டிங்கர்_வேலு

ஹார்டனிங் சரியா ஏறல அண்ணே, வேற ஒண்ணும் இல்ல. என் வண்டி சைடு ஸ்டாண்ட் பின்னு மாசத்துக்கு ஒரு தடவை வளைஞ்சு போகும். ஹார்டனிங் பண்ண பின்னு போட்டேன், அதுக்கப்புறம் வளையவே இல்ல. நீங்க வேற இடத்துல கொடுத்துப் பாருங்க.

உலைக்களம்

வேலு, உங்கள் பின் வளைந்த பிறகு நிமிரவில்லை. மணியின் பார் எடையை எடுத்ததும் நிமிர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு. ஹார்டனிங் தடுப்பது நிமிராத வளைவை மட்டும்தான்.

மணி, உங்கள் ஹார்டனிங்கில் குறை எதுவும் இல்லை. கணக்குப் போட்டால் தெரியும். ஒரு முனை பிடித்த பாரின் மறுமுனை இறங்கும் அளவு:

```
δ = F L³ / (3 E I),   I = π d⁴ / 64
```

F 294 நியூட்டன், L 100 மி.மீ., d 20 மி.மீ., E இரும்புக்கு 210 ஜிகாபாஸ்கல். விடை சுமார் 0.06 மி.மீ. உங்களுக்கு 0.08 வந்திருக்கிறது. மீதி 2 கோடு பெரும்பாலும் ஹோல்டரும் டூல் போஸ்டும் கொடுத்த இளக்கமாக இருக்கும். டயலை ஹோல்டர் வாயருகே வைத்து அதே எடையைத் தொங்கவிட்டால் அது தனியாகத் தெரிந்துவிடும்.

அந்தச் சூத்திரத்தில் கடினத்தன்மைக்கு இடமே இல்லை. உலோகத்தைப் பற்றி அதில் இருப்பது யங் குணகமான E ஒன்றுதான். அது ஈ.என். 8க்கும் 24க்கும் கிட்டத்தட்ட ஒன்றே. முழுக்கக் குளிரவைத்துக் கடினமாக்கிய நிலையில் அது சற்றுக் குறையக்கூடச் செய்யும்.

லேத்து_மணி

சரி சார், E மாறாதுன்னு டிப்ளமோல படிச்சதுதான். ஏன் மாறாதுங்கறதுதான் கேள்வி. மைக்ரோஸ்கோப்பில பார்த்தா உள்ளே அமைப்பே வேற மாதிரி இருக்கே?

உலைக்களம்

நல்ல கேள்வி. அதற்கு மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைவிடக் கீழே, அணுக்கள் வரை போக வேண்டும்.

இரண்டு இரும்பு அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெகுதூரத்தில் இருக்கும்போது ஒன்றையொன்று சட்டை செய்யாது. நெருங்க நெருங்க ஈர்க்கும். மிகவும் நெருங்கினால் எலக்ட்ரான் கூடுகள் மோதி விலக்கும். ஈர்ப்பும் விலக்கமும் சரிசமமாக நிற்கும் தூரம் இரும்பில் 2.48 ஆங்ஸ்ட்ராம். அதை r₀ என்போம். கிடையாகத் தூரத்தையும் செங்குத்தாக விசையையும் வைத்து வரைந்தால், அந்த இடத்தில் வளைவு பூஜ்யக் கோட்டை வெட்டும். இழுத்தால் எதிர்விசை ஏறும், ஓரிடத்தில் உச்சம் தொடும், பிறகு சரியும். அமுக்கினால் செங்குத்தாக எகிறும்.

இனி உங்கள் பாருக்கு வருவோம். 30 கிலோ தொங்கும்போது அதிகம் இழுபடுவது ஹோல்டர் வாயில் பாரின் மேற்பரப்பு. அங்கே தகைவு 37 மெகாபாஸ்கல். நீட்சி 0.018 சதவீதம். 2.48 ஆங்ஸ்ட்ராம் பிணைப்பு நீளுவது வெறும் 0.0004 ஆங்ஸ்ட்ராம். வளைவின் உச்சத்துக்குப் போக வேண்டுமானால் 10 சதவீதத்துக்கும் மேல் இழுக்க வேண்டும். ஆகவே நீங்கள் அந்த நீண்ட வளைவில் r₀-வை ஒட்டிய ஒரு மயிரிழையில்தான் நிற்கிறீர்கள். அவ்வளவு சிறிய துண்டில் எந்த வளைவும் நேர்கோடுதான். ஹூக் விதி வருவது அதனால்தான். அந்தக் கோட்டின் சரிவுதான் பிணைப்பின் விறைப்பு. அதை S₀ என்போம்.

ஒரு பிணைப்பு தாங்கும் பரப்பு ஏறக்குறைய r₀². விசையைப் பரப்பாலும் நீட்சியை r₀-வாலும் வகுத்தால்

```
E ≈ S₀ / r₀
```

இரும்புக்கு இதைத் திருப்பிப் போட்டால் S₀ மீட்டருக்கு சுமார் 52 நியூட்டன்.

ஹார்டனிங் இந்தச் சரிவை என்ன செய்யும்? பக்கத்து அணுவும் இரும்பு, தூரமும் ஏறத்தாழ அதுவே. கார்பன் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. பிணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை இரும்புக்கும் இரும்புக்கும் இடையே அப்படியே இருக்கின்றன. மாறுவது டிஸ்லொகேஷன்கள் என்னும் அணு அடுக்குக் குறைகள் நகரும் எளிமை. அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போவதுதான் வேலுவின் பின்னில் நடந்த நிமிராத வளைவு. அந்த வழுக்கலுக்கு ஹார்டனிங் முட்டுக்கட்டை போடுகிறது. 37 மெகாபாஸ்கலில் உங்கள் ஈ.என். 8 பாரிலேயே வழுக்கல் தொடங்கவில்லை. நடக்காத ஒன்றைத் தடுக்க ஈ.என். 24க்குச் செலவு செய்திருக்கிறீர்கள்.

டிங்கர்_வேலு

அப்போ என் பின்னும் வண்டி நிக்கும்போது முன்ன வளைஞ்ச மாதிரியே வளைஞ்சு நிமிருதா? கண்ணுக்குத் தெரியலையே.

உலைக்களம்

ஆமாம், முன்பு போலவேதான். முன்பு அதற்கு மேலும் கொஞ்சம் வளைந்தது. அந்த மிச்சம்தான் உங்கள் கண்ணில் பட்டது.

இயற்பியல்_ஆசான்

இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆற்றல்-தூர வளைவு ஒரு குழி போல இருக்கும். குழியின் ஆழம்தான் பிணைப்பு ஆற்றல். குழி ஆழமானால் பிணைப்பு வலுவானது. வலுவான பிணைப்பு என்றால் உருகுநிலையும் அதிகம், யங் குணகமும் அதிகம். ஈயம் 327 டிகிரியில் உருகும், E 16. அலுமினியம் 660, 70. இரும்பு 1538, 210. டங்ஸ்டன் 3422, 410. வரிசை அப்படியே பொருந்துகிறது. பிணைப்பு ஆற்றல் தெரிந்தால் E தெரிந்துவிடும். வகுப்பில் இப்படித்தான் நடத்துகிறேன், பிள்ளைகளுக்கும் புரிகிறது.

உலைக்களம்

ஐயா, வரிசை சரிதான். ஆனால் டைட்டானியத்தையும் அதில் வைத்துப் பாருங்கள். உருகுநிலை 1668, இரும்பைவிட அதிகம். ஓர் அணுவைப் பிய்த்தெடுக்க ஆகும் ஆற்றலும் அதிகம்: டைட்டானியத்துக்கு 4.85 எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 4.28. உங்கள் கணக்குப்படி டைட்டானியம்தான் விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் அதன் E சுமார் 115. இரும்பில் பாதியை ஒட்டித்தான் வருகிறது.

குழியின் ஆழம் சொல்வது அணுக்களை முழுக்கப் பிரிக்க ஆகும் மொத்தச் செலவை. யங் குணகம் கேட்பது குழியின் அடிப்பகுதி எவ்வளவு குறுகலாக வளைந்திருக்கிறது என்பதை. ஆற்றல் வளைவின் சரிவு விசை, விசை வளைவின் சரிவு விறைப்பு. ஆக, விறைப்பு ஆற்றலின் இரண்டாம் வகைக்கெழு. ஒரே ஆழமுள்ள இரண்டு குழிகளில் ஒன்று அகலமாகவும் மற்றது ஒடுக்கமாகவும் இருக்கலாம்.

இயற்பியல்_ஆசான்

ஆழத்துக்கும் வளைவுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா? பிறகு ஏன் மற்ற நான்கும் பொருந்துகின்றன?

உலைக்களம்

தொடர்பு உண்டு. ஈர்ப்பு ஆற்றல் தூரத்தின் m-ஆம் படியிலும் விலக்க ஆற்றல் n-ஆம் படியிலும் குறைவதாக ஒரு எளிய வடிவம் வைத்துக்கொண்டால், அடிப்பகுதியின் வளைவு இப்படி வரும்:

```
S₀ = m n U₀ / r₀²
E  ≈ m n U₀ / r₀³
```

U₀ ஆழம். உங்கள் ஆழம் மேலே இருக்கிறது. ஆனால் கீழே r₀³ இருக்கிறது, அது ஓர் அணு அடைக்கும் இடத்தின் அளவு. கூடவே வடிவத்தைச் சொல்லும் m, n. அதாவது கணக்கில் வருவது ஒரு கன அளவுக்குள் எவ்வளவு பிணைப்பு ஆற்றல் அடைந்திருக்கிறது என்பது. டைட்டானிய அணு இரும்பு அணுவைவிட ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கிறது. ஆற்றலை இடத்தால் வகுத்தாலே வரிசை திரும்பிவிடும், இரும்பு 1.3 மடங்கு முந்தும்.

கணக்கன்

1.3தான் வருது. ஆனா அளந்தது 1.8. பாக்கி எங்கே?

உலைக்களம்

வடிவத்தில் இருக்க வேண்டும். இரும்பு, டைட்டானியம் போன்ற உலோகங்களில் பிணைப்பு இரண்டிரண்டு அணுவாகத் தனித்தனியே நடப்பதில்லை, எலக்ட்ரான்கள் பொதுவில் பகிரப்படுகின்றன. ஜோடிக் குழி என்பதே ஒரு தோராயம். அந்தப் பாக்கிக்கு ஒரு வரியில் விடை சொன்னால் அது பூசிமெழுகலாகிவிடும்.

கணக்கன்

சரி, அப்படின்னா ஜோடிக் குழி ஒழுங்கா வேலை செய்யற ஒரு பொருளையாவது காட்டுங்க. இதுவரை E-ஐ அளந்துட்டுத் திருப்பி S₀ கண்டுபிடிச்சிருக்கீங்க. எதையும் முன்கூட்டிச் சொல்லல.

உலைக்களம்

நியாயமான கேள்வி. சாப்பாட்டு உப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே ஈர்ப்பு கூலும் விசை, அதில் எந்த மர்மமும் இல்லை. சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே 2.82 ஆங்ஸ்ட்ராம். சுற்றிலும் உள்ள எல்லா அயனிகளையும் கூட்டினால் ஜோடி ஈர்ப்பைப் போல 1.748 மடங்கு வரும், அது மேடலங் எண் α. விலக்கத்துக்கு n = 8 வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கினால் வரும் பருமக் குணகம்:

```
K = α e² (n − 1) / (4πε₀ · 18 r₀⁴)
  = 4.03×10⁻²⁸ × 7 / (18 × 6.32×10⁻³⁹)
  ≈ 2.5×10¹⁰ Pa
```

25 ஜிகாபாஸ்கல். சோதனையில் அளந்ததும் 24, 25தான். இது யங் குணகம் அல்ல, பருமக் குணகம். இரண்டும் அதே குழியின் அடிப்பகுதியிலிருந்து வருவதால் இங்கே இது போதும்.

கணக்கன்

மன்னிக்கணும், இதுல ஒரு சுற்று இருக்கு. n = 8 எங்கிருந்து வந்தது? உப்பை அமுக்கி அளந்த எண்ணிலிருந்துதானே? அமுக்கம் கொடுத்த n-ஐ வச்சு அமுக்கத்தைக் கணக்கிட்டா பொருந்தாம என்ன செய்யும்?

இயற்பியல்_ஆசான்

அப்படிப் பார்த்தால் எல்லா மாதிரியிலும் ஏதோ ஓர் எண்ணை அளந்துதான் ஆக வேண்டும்.

உலைக்களம்

ஐயா, கணக்கன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். போர்னும் லாண்டேயும் 1918 வாக்கில் செய்தது அதுதான், n-ஐ அமுக்கத்திலிருந்து எடுத்தார்கள். ஆகவே மேலே நான் காட்டிய பொருத்தத்துக்கு மதிப்பு இல்லை. சோதனையை வேறு பக்கம் வைக்க வேண்டும். அமுக்கத்திலிருந்து குழியின் வளைவு கிடைத்தது. அதிலிருந்து ஆழத்தைச் சொல்ல முடிகிறதா?

```
U₀ = N α e² / (4πε₀ r₀) × (1 − 1/n)
   = 861 × (7/8) ≈ 753 kJ/mol
```

இதை வெப்ப வேதியியல் வழியாக, உப்பை அமுக்காமலேயே கண்டுபிடிக்கலாம். சோடியத்தை ஆவியாக்கும் ஆற்றல், எலக்ட்ரானைப் பறிக்கும் ஆற்றல், குளோரின் மூலக்கூறைப் பிளக்கும் ஆற்றல் என்று கூட்டிக் கழித்து வருவது 787. வித்தியாசம் 4 சதவீதம்தான். ஒரு படிகம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால் அதை அயனிகளாகப் பிரித்தெடுக்க ஆகும் செலவு தெரிகிறது. இரண்டும் ஒரே வளைவிலிருந்து வருகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது.

கணக்கன்

இது ஒத்துக்கலாம். ஆனா ஆழத்துல n-க்கு அவ்வளவு வேலை இல்ல. 7 வச்சாலும் 9 வச்சாலும் 738, 765ன்னுதான் வருது. பெரும்பங்கு கூலும்தான் தருது. அதனால சாட்சி நீங்க சொல்ற அளவுக்கு வலுவானது இல்ல.

அதே சூத்திரத்தை மக்னீசியம் ஆக்சைடுக்கும் போட்டுப் பார்த்தேன். மின்னூட்டம் ரெண்டுக்கு ரெண்டு, அதனால ஈர்ப்பு 4 மடங்கு. r₀ 2.106 ஆங்ஸ்ட்ராம், n = 7. K 270 ஜிகாபாஸ்கல் வருது. அளந்தது 160 வாக்கில.

உலைக்களம்

அங்கே மாதிரி உடைவது உண்மைதான். ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரானையும் முழுசாகப் பிடித்துவைத்த விறைத்த பந்தாக நடந்துகொள்வதில்லை. முழு மின்னூட்டம் என்று வைத்தால் குழி தேவைக்கு மேல் ஒடுங்கிவிடுகிறது. ஆனாலும் போக்கைப் பாருங்கள். மின்னூட்டம் கூடி, தூரம் குறைந்ததில் விறைப்பு ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஏறும் என்று வளைவு சொன்னது. எவ்வளவு என்பதில்தான் தவறிவிட்டது.

ரப்பர்_தோட்டம்

நான் ஓ-ரிங், வாஷர் அச்சு வேலை செய்கிறேன். இங்கே சொல்வது எங்கள் பொருளுக்குப் பொருந்தவில்லையே. ரப்பரில் இருப்பது கார்பன்-கார்பன் பிணைப்பு. வைரத்திலும் அதுவேதான். வைரத்தின் E 1000 ஜிகாபாஸ்கலுக்கு மேல், எங்கள் வாஷருக்குச் சில மெகாபாஸ்கல். லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே பிணைப்பு, ஒரே குழி என்றால் இது எப்படி?

உலைக்களம்

ரப்பரை இழுக்கும்போது அந்தப் பிணைப்பு நீளுவதே இல்லை. நூல்கண்டை இழுத்தால் நூல் நீளாமல் சிக்கல் நிமிர்வது போல, சங்கிலிகள் நிமிர்கின்றன. நிமிர்ந்த சங்கிலியை மறுபடி சுருட்டுவது வெப்ப ஆட்டம். அந்த எதிர்விசையை விசை-தூர வளைவில் தேடிப் பயனில்லை.

நீங்களே சோதிக்கலாம். ஒரு ரப்பர் பேண்டில் எடையைத் தொங்கவிட்டு ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். எடை மேலே ஏறும். இரும்புக் கம்பியில் அதைச் செய்தால் எடை இறங்கும். குழி சமச்சீராக இல்லாததால் சூட்டில் அணுக்களின் சராசரித் தூரம் கூடும், அங்கே விசை வளைவின் சரிவும் குறையும். அதனால்தான் இரும்பு சூட்டில் நீளவும் செய்கிறது, இளகவும் செய்கிறது. ரப்பர் நேரெதிர்.

ரப்பர்_தோட்டம்

இன்று மாலை செய்துபார்த்தேன். ஏறுகிறது. கண்ணாடி போல உறையும் அளவுக்குக் குளிர்ந்த ரப்பர் என்ன கணக்கில் வரும்?

உலைக்களம்

அங்கே சங்கிலிகள் நிமிர முடியாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே உள்ள வலுக்குறைந்த ஈர்ப்பின் சரிவு வேலை செய்யும். சில ஜிகாபாஸ்கல் வரை ஏறும், வைரத்தின் பக்கம்கூடப் போகாது.

லேத்து_மணி

நான் கேட்டது எங்கேயோ போயிடுச்சு. இருந்தாலும் ஒரு சந்தேகம். எந்த ஹார்டனிங்கும் E-ஐ மாத்தாது, சரி. இரும்பையே வேற விதமா வார்த்தா, வேற திசையில வெட்டினா மாறுமா?

உலைக்களம்

ஒற்றைப் படிகமாக இருந்தால் மாறும். இரும்புப் படிகத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் நெருங்கிய அண்டை அணுக்கள் கனசதுரத்தின் மூலைவிட்டத்தில் இருக்கின்றன. அந்தத் திசையில் இழுத்தால் பிணைப்பு நேராக நீள வேண்டும், E 280 வரை போகும். கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் பிணைப்புகள் நீளுவதைவிடச் சாயலாம், E 130 வாக்கில்தான். நீங்கள் வாங்கும் கம்பியில் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் சராசரி 210. நான் சொன்ன 52-ம் அந்தச் சராசரிக்கான எண்தான்.

பாருக்கு இரண்டு வழி. ஒன்று, பிணைப்பையே மாற்றுவது: டங்ஸ்டன் கார்பைடு. டங்ஸ்டன்-கார்பன் பிணைப்பு குட்டை, குழி ஒடுக்கம். கோபால்ட் கலந்த கார்பைடு பாரின் E சுமார் 600. உங்கள் 0.06 மி.மீ. 0.021 ஆகும். கீழே விழுந்தால் உடையும், விலையும் தெரியும். இன்னொன்று, E-ஐ விட்டுவிட்டு விட்டத்தைக் கூட்டுவது. அது நான்காம் படியில் வரும்.

லேத்து_மணி

துளை 32. 25 மி.மீ. பார் உள்ளே போகும், சுருள் வெளியே வர இடம் கொஞ்சம் நெருக்கடி, ஏர் அடிச்சா சமாளிக்கலாம். கணக்குப் போட்டேன், 0.06-க்கு 0.025 வருது. சாதா ஈ.என். 8 துண்டு ஒண்ணு கிடக்கு, அதுலயே செஞ்சுடறேன். ஹோல்டர் வாயில டயல் வச்சும் பார்த்தேன், நீங்க சொன்ன ரெண்டு கோடு அங்கேதான் போகுது. கிளாம்ப் போல்ட்டு தளர்வு.

இயற்பியல்_ஆசான்

ஒரு கேள்வி பாக்கி. அலுமினியத்தில் ஒரு சதவீதம் லித்தியம் சேர்த்தால் E சுமார் 6 சதவீதம் ஏறுகிறது, விமானத் தகடுகளுக்கு அதை விரும்ப இதுவும் ஒரு காரணம். லித்தியம் உலோகத்தின் E வெறும் 5 ஜிகாபாஸ்கல். சராசரி எடுத்தால் குறையத்தானே வேண்டும்? நான் சொன்ன ஆழக் கணக்கும் உங்கள் கன அளவுக் கணக்கும் இரண்டுமே இங்கே தடுமாறுகின்றன.

உலைக்களம்

சராசரி எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம். அலுமினியத்துக்குள் கரைந்த லித்தியத்துக்குச் சுற்றிலும் அலுமினியம்தான் அண்டை, லித்தியம்-லித்தியம் பிணைப்பு அங்கே கிடையாது. லித்தியம் தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதால் அலுமினியத்தின் பிணைப்புகள் விறைக்கின்றன என்ற திசையில் போகலாம். அதற்கு மேல் கையால் வரைந்த குழியை வைத்துப் போக முடியாது, எலக்ட்ரான் அடர்த்திக் கணக்கு வேண்டும்.

கணக்கன்

அதைத் தனி இழையாத் தொடங்குங்க. எனக்கு டைட்டானியம் பாக்கியும் இன்னும் தீரல.